வாடின செடிக்குத் தண்ணீர் ஊற்றுமுன்

மணி பிளான்ட்டின் இலைகள் தொங்கிக் கிடக்கின்றன. மேல்மண்ணைத் தொட்டால் காய்ந்திருக்கிறது. தாகம் என்று நினைத்து ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிடுகிறோம். பல வீட்டுச் செடிகள் சாவது இந்தச் சொம்பில்தான்.

வேர் அழுகினாலும் செடி வாடும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் இலைக்கு எதுவும் போய்ச் சேராது. இரண்டையும் பிரித்தறியத் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். தொட்டி லேசாக இருந்து, இலை மெலிந்து சுருண்டிருந்தால் அது தாகம். ஊற்றிய சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். தொட்டி கனமாக இருக்க, அடி இலைகள் மஞ்சளாகி, தண்டின் அடிப்பாகம் கறுத்துக் குழைந்திருந்தால் வேரழுகல். அப்போது ஊற்றும் ஒவ்வொரு துளியும் நோயை வளர்க்கும்.

வேரும் மூச்சு விடுகிறது. மண் துகள்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் காற்று நிற்க வேண்டும். அவை நாள்கணக்கில் நீரால் நிரம்பியிருந்தால் ஆக்சிஜன் கிடைக்காமல் வேரின் நுனிகள் மடியும். பித்தியம், பைட்டோப்தோரா போன்ற நுண்ணுயிரிகள் அந்த இடத்தில் நுழைந்துகொள்ளும். அவற்றின் வித்துகள் நீரில் நீந்திச் செல்பவை என்பதால், ஊறிய மண் அவற்றுக்கு நல்ல பாதை.

மேல்மண் ஏன் ஏமாற்றுகிறது? நர்சரியில் வாங்கும் தொட்டிகளில் பெரும்பாலும் கோகோபீட் அல்லது செம்மண் கலவை இருக்கும். மேலே ஒரு விரற்கடை காய்ந்து வெளிறினாலும் அடியில் சொதசொதவென்று இருக்கும். எந்தத் தொட்டியிலும் அடிப்பகுதியில் கொஞ்ச உயரத்துக்கு நீர் வடியாமல் தேங்கி நிற்கும். அடியில் கூழாங்கல் போட்டால் வடிகால் கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் நடப்பது வேறு. மண்ணிலிருந்து கல்லுக்குள் நீர் எளிதில் இறங்காது. தேங்கும் பகுதிதான் கல்லின் உயரத்துக்கு மேலே ஏறி வேரை நெருங்கிவிடும். கல்லை விட்டுவிட்டு, கலவையில் மூன்றில் ஒரு பங்கு பெர்லைட் என்னும் லேசான வெள்ளைத் துகள்களைச் சேர்ப்பது பலன் தரும். ஓட்டையில்லாத பீங்கான் தொட்டிக்குள் செடியை இறக்கி வைப்பவர்கள், ஊற்றி அரை மணி நேரம் கழித்து உள்ளே தேங்கியதைக் கட்டாயம் கொட்டிவிட வேண்டும்.

ஈரத்தை அறிய ஒரு மூங்கில் குச்சி போதும். தொட்டியின் ஓரமாக அடிவரை செருகிப் பத்து நிமிடம் விட்டு எடுங்கள். கறுத்து, மண் ஒட்டி வந்தால் எந்த உயரம் வரை ஈரம் என்று தெரிந்துவிடும். மணி பிளான்ட்டுக்கு மேல்பாதி காய்ந்தபின் ஊற்றலாம். பாம்புச் செடிக்குக் குச்சி அடிவரை சுத்தமாக வர வேண்டும். விரலை இரண்டாவது கணு வரை நுழைப்பது சிறிய தொட்டிக்கு மட்டும் சரி. ஆழமான தொட்டியில் விரல் எட்டாத இடத்தில்தான் சிக்கல் இருக்கும். கடையில் கிடைக்கும் மலிவான ஈரமானி மண்ணின் உப்பையும் சேர்த்தே காட்டுவதால் அதை நம்பி ஊற்ற வேண்டாம்.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் சமையலறைத் தராசு உண்டு. 6 அங்குலத் தொட்டி, நன்றாக ஊற்றி வடிந்தபின் 1400 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குச்சி அடிவரை காய்ந்து வரும் நாளில் 900 கிராம். இடையிலுள்ள 500 கிராம்தான் அந்தத் தொட்டி பிடித்து வைக்கும் நீர். மணி பிளான்ட் என்றால் 1150 கிராமுக்கு இறங்கியதும் ஊற்றலாம். பாம்புச் செடி என்றால் 900 வரை காத்திருக்கலாம். ஒரே தொட்டி வெயில் வரும் சன்னலோரத்தில் ஐந்து நாளில் ஊற்ற வேண்டிய எடைக்கு வரும். ஐப்பசி அடைமழையில், மங்கலான மூலையில், இரண்டு வாரம்கூட ஆகலாம். அதனால்தான் 'வாரம் இருமுறை' என்ற கணக்கு உதவாது. ஊற்றும் நாளில் மட்டும் அடித்துளை வழியே வடியும்வரை தாராளமாக ஊற்றுங்கள்.

அழுகல் ஏற்கெனவே வந்துவிட்டதாகத் தோன்றினால் செடியை வெளியே எடுத்து வேரைக் கழுவிப் பாருங்கள். நல்ல வேர் வெளிறி, உறுதியாக இருக்கும். அழுகியதை விரலால் இழுத்தால் மேல்தோல் உரிந்து நூல் மட்டும் மிஞ்சும், நாற்றமும் அடிக்கும். அவற்றை ஸ்பிரிட்டால் துடைத்த கத்தரியால் வெட்டி, மிஞ்சிய வேர்க்கட்டைவிடக் கொஞ்சமே பெரிய தொட்டியில் புதிய கலவையிட்டு நடுங்கள். பழைய மண்ணை வேறு செடிக்குப் போடாதீர்கள். புதுத் துளிர் வரும்வரை உரம் வேண்டாம். வேர் முழுவதும் போயிருந்தால் செடியைக் காப்பாற்றப் போராடாமல், மணி பிளான்ட்டின் நல்ல தண்டைக் கணுவோடு வெட்டி நீரில் வையுங்கள். அங்கிருந்து புது வேர் விடும்.