அடர்ந்த முடியும் அயல்நாட்டு சலூனும்

படிக்க வெளிநாடு கிளம்பியபோது டிரிம்மர், சீப்பு, நகவெட்டி எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டேன். டிரிம்மர் சார்ஜரில் 100–240V என்று இருக்கிறதா எனப் பார்த்துக்கொண்டேன். கத்தரிக்கோல் செக்-இன் பெட்டிக்குப் போனது.

முடிவெட்டுவதில்தான் சிக்கல். முதல் கடையில், அடர்த்தியைக் குறைக்கிறேன் என்று பல் வைத்த கத்தரியை வேரருகிலேயே ஓட்டிவிட்டார். இரண்டு வாரத்தில் அந்தக் குட்டை முடிகள் விறைத்து நின்று மேல்முடியைத் தூக்க, தலை முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது. ரொம்ப வருத்தமாகிவிட்டது.

அப்புறம் போன கடைகளில் உட்காரும் முன்பே, "அடர்த்தியை எந்த இடத்தில் குறைப்பீர்கள்?" என்று கேட்டேன். "நுனிப் பக்கம் மட்டும், முடி காய்ந்த பிறகு" என்றவரிடம்தான் தலையைக் கொடுத்தேன். பக்கவாட்டில் மெஷினில் 2ஆம் நம்பர் சீப்பை மாட்டி, அதாவது 6 மில்லிமீட்டர் நீளத்துக்கு, வெட்டினார். ஒரு மாதமாகியும் காதோரம் முடி படிந்தே இருக்கிறது.