அறவியல் கட்டுரைக்கு ரூப்ரிக் தயாரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாதத்தின் தரம் 10, எதிர்த்தரப்பிடம் நேர்மை 6, தெளிவு 4, ஆக மொத்தம் 20. அறவியல் கட்டுரைக்கு மதிப்பெண் போடும் அளவுகோலான ரூப்ரிக்கை இப்படிப் பிரிப்பதில் தவறில்லை. மதிப்பெண் கோணலாவது, ஒவ்வொரு தலைப்பின் கீழும் எழுதப்படும் விளக்க வரிகளால்தான்.

அதிகம் சறுக்குவது நேர்மைக்கான வரி. "எதிர்க்கருத்தைக் குறிப்பிட்டுள்ளார்" என்று இருந்தால், குறிப்பிட்ட எல்லோருக்கும் மதிப்பெண் போய்விடும். "உயிரைக் காக்கப் பொய் சொல்லலாமா?" என்ற தலைப்பை எடுத்துக்கொள்வோம். கொலைகாரன் கதவைத் தட்டி, உள்ளே ஒளிந்திருக்கும் நண்பன் எங்கே என்று கேட்டால்கூடப் பொய் கூடாது என்று ஜெர்மன் தத்துவஞானி காண்ட் 1797இல் எழுதினார். இதைப் பற்றி ஒரு மாணவர், "விதிதான் முக்கியம், உயிர் முக்கியமில்லை என்பது காண்டின் கருத்து. இதை யார் ஏற்பார்கள்?" என்று எழுதுகிறார். பெயர் இருக்கிறது, எதிர்க்கருத்தும் இருக்கிறது. காண்டின் காரணம்தான் இல்லை.

உண்மை பேசும் கடமை நமக்கு அந்தக் கொலைகாரனிடம் மட்டுமல்ல, மனிதகுலம் முழுவதிடமும் உண்டு என்கிறார் காண்ட். பொய் பரவினால் சொல்லின் மீதான நம்பிக்கையே குலையும். அதோடு, நண்பன் நமக்குத் தெரியாமல் வெளியேறியிருக்கலாம். "வீட்டில் இல்லை" என்ற நம் பொய்யை நம்பித் திரும்பும் கொலைகாரன் வழியிலேயே அவனைப் பிடித்துவிடலாம். அப்போது விளைவுக்கு நாமும் பொறுப்பு என்பது அவர் வாதம். இதை ஏற்க வேண்டியதில்லை. ஆனால் இதைச் சொல்லாமல் மறுத்தவர் காண்டை மறுக்கவில்லை.

ஆகவே நேர்மைக்கான படிகளை இப்படி எழுதலாம்: எதிர்த்தரப்பே இல்லையென்றால் 0. அதன் முடிவை மட்டும் சொன்னால் 1 அல்லது 2. காரணமும் இருந்து, அது பலவீனமானதாகவோ பாதியில் வெட்டப்பட்டதாகவோ இருந்தால் 3 அல்லது 4. அதன் வலுவான காரணத்தை, அந்தத் தரப்பினரே "ஆம், நாங்கள் சொல்வது இதுதான்" என்று ஒப்பும்படி எழுதினால் 5 அல்லது 6. நம் மாணவருக்கு 1. "யார் ஏற்பார்கள்?" என்ற ஏளனம் இல்லாதிருந்தால் 2 கொடுத்திருக்கலாம்.

அடுத்த தவறு, ஒரே குறைக்கு இரண்டு இடத்தில் வெட்டுவது. எதிர்த்தரப்புக்குச் சரியான பதில் இல்லை என்று வாதத்திலும் குறைத்து, அதையே காட்டி நேர்மையிலும் குறைப்பார்கள். எல்லையை ரூப்ரிக்கிலேயே ஒரு வரியில் எழுதிவிடுங்கள்: எதிர்த்தரப்பை எடுத்துரைப்பது நேர்மையில் வரும், அதற்குப் பதில் சொல்வது வாதத்தில் வரும். காண்டின் காரணத்தை அருமையாக எழுதிவிட்டுப் பதில் சொல்லத் திணறியவருக்கு நேர்மையில் 6 கிடைக்கலாம், வாதத்தில்தான் இழப்பார்.

வாதத்துக்கான வரியில் "ஏற்கத்தக்க முடிவு", "நல்ல கருத்து" போன்ற சொற்கள் நுழைந்தால், திருத்துபவரின் சொந்த முடிவே அளவுகோலாகிவிடும். பார்க்க வேண்டியது முடிவுக்குப் போகும் பாதையை. "உயிர் விலைமதிப்பற்றது, ஆகவே பொய் சொல்லலாம்" என்பதில் நடுவே ஒரு வரி காணவில்லை. அதை ஓரத்தில் எழுதிப் பாருங்கள்: "உயிரைக் காக்க எந்த விதியையும் மீறலாம்." அப்படியானால் ஐந்து பேரைக் காப்பாற்ற ஒரு நிரபராதியைக் கொல்லவும் வழி திறக்கிறது. மாணவர் இதைக் கவனித்து எல்லை வகுத்திருக்கிறாரா? இல்லையென்றால் 10க்கு 5க்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைக்கலாம். பொய் கூடாது என்று முடிக்கும் கட்டுரையிலும் இதே அளவு ஓட்டை இருந்தால் அதே 5தான்.

தெளிவுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. எழுத்துப்பிழையும் அலங்கார நடையும் இங்கே கணக்கில் வரக் கூடாது. பிழை பொருளையே மாற்றினால் தவிர. மாணவரின் நிலைப்பாடு எது, ஒவ்வொரு பத்தியும் அதற்கு என்ன செய்கிறது என்று ஒரே வாசிப்பில் பிடிபடுகிறதா என்பதே கேள்வி. "சுதந்திரம்", "நியாயம்" போன்ற சொற்கள் பத்திக்குப் பத்தி பொருள் மாறினால் 4க்கு 2க்கு மேல் வேண்டாம்.

ரூப்ரிக்கை நேரே தேர்வுக்குக் கொண்டுபோவதும் தவறுதான். இருவர் தனித்தனியாக ஐந்து கட்டுரைகளைத் திருத்திப் பார்க்கட்டும். மொத்த மதிப்பெண்ணை ஒப்பிட்டால் போதாது. ஒருவர் வாதத்தில் கூட்டி நேர்மையில் குறைத்திருந்தால், கூட்டுத்தொகை ஒத்துப்போய் சிக்கல் மறைந்துவிடும். தலைப்புவாரியாகப் பாருங்கள். வாதத்தில் 2க்கு மேலோ மற்றவற்றில் 1க்கு மேலோ வித்தியாசம் வந்தால், சராசரி எடுத்துச் சமாளிக்காதீர்கள். எந்த வரியை இருவரும் வேறுவேறாகப் படித்தார்கள் என்று கேட்டு, அந்த வரியை மாற்றி எழுதி, அதே கட்டுரைகளை மறுபடி திருத்தச் சொல்லுங்கள்.