சூத்திரத்தை எழுதாதீர்கள், அது கிளம்பும் வரியை எழுதுங்கள்

சூத்திர அட்டை போடுகிறவர்கள் முன்பக்கம் பெயரை மட்டும் எழுதி, பின்பக்கம் விடையை எழுதாமல், அது எந்தச் சமன்பாட்டிலிருந்து வருகிறது என்ற முதல் வரியை மட்டும் எழுதி வையுங்கள். மீதியை ஒவ்வொரு முறையும் கையால் போட்டுப் பார்க்க வேண்டும்.

விடுபடு வேகம் √(2gR), புவியை ஒட்டிய சுற்றியக்க வேகம் √(gR). இதில் 2 எதற்கு வரும் என்று பரீட்சை ஹாலில் குழம்பாதவர் குறைவு. சுற்றியக்க அட்டையில் mv²/R = GMm/R² என்று இருக்கும், அதாவது ஈர்ப்பு விசையே மையநோக்கு விசை. விடுபடு வேக அட்டையில் ½mv² = GMm/R, இது ஆற்றல் கணக்கு. இயக்க ஆற்றலில் உள்ள அந்த அரைதான் மறுபக்கம் போய் 2 ஆகிறது என்று ஒருமுறை கையால் கண்டுவிட்டால் அப்புறம் மாறாது. இரண்டிலும் GM = gR² போட்டால் முடிந்தது. சரிபார்க்க, R-க்கு 6400 கி.மீ. போடுங்கள்: நொடிக்கு சுமார் 7.9, 11.2 கி.மீ. வரும்.

எல்லாவற்றுக்கும் இது ஒத்துவராது. கூலூம் விதி போன்றவை சோதனையில் கிடைத்தவை, அந்த அட்டையில் 'இதுவே தொடக்கம்' என்று எழுதிவிடுங்கள். திண்மக் கோளத்தின் நிலைமத் திருப்புத்திறன் ⅖MR² மாதிரி தொகையிட்டு வருவதை, கேள்விக்கு சராசரியாக ஒரு நிமிடமே கிடைக்கும் நீட் தேர்வில் வருவித்துக்கொண்டிருக்க முடியாது, மனப்பாடம்தான்.