காலி ஃபிளாட்டை விற்க ஸ்டேஜிங்: பட்ஜெட் எங்கே ஓட்டையாகிறது

பெங்களூரில் காலியாகக் கிடக்கும் இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டை விற்பனைக்காக அலங்கரிக்க 40,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலோர் முதலில் போய் நிற்பது சோபா வாடகைக்குக் கிடைக்கும் இடத்தில். தவறு அங்கேயே தொடங்குகிறது. மழைக்காலத்து ஓதத்தில் பெயின்ட் உப்பியிருந்தால், முன்னால் எந்த சோபாவைப் போட்டாலும் பார்ப்பவர் கண் சுவருக்குத்தான் போகும். அதன் மேலேயே பெயின்ட் அடிப்பதும் வீண். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டு அடைத்து, சுவர் காய்ந்த பிறகே அடிக்க வேண்டும். இல்லையென்றால் சில வாரங்களில் மறுபடி உப்பும்.

அடுத்த தவறு, சோபா, கட்டில் வாடகையை ஒரு மாதத்துக்கு மட்டும் கணக்கிடுவது. வீடு ஒரே மாதத்தில் விற்றுவிடும் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள். வாடகை நிறுவனங்கள் பலவும் குறைந்தது மூன்று மாதம் கேட்கும். முன்னதாகத் திருப்பினால் அபராதமும் உண்டு. மாதம் 4,500 என்றால் 13,500. ஹால், நுழைவுச் சுவர்களுக்கு பெயின்ட் 8,000, முழுச் சுத்தம் 5,000, திரைச்சீலை 4,000, பல்புகள் 2,000, வண்டிக்கும் அசோசியேஷன் கட்டணத்துக்கும் 2,500 என்று வைத்தால் மொத்தம் 35,000 ஆகிறது. மீதி 5,000 நான்காவது மாத வாடகைக்கான கையிருப்பு, அதைத் தொடவேண்டாம். திரும்பக் கிடைக்கும் டெபாசிட்டை இந்தக் கணக்கில் சேர்க்காமல் தனியாக எடுத்துவையுங்கள். பொருள் ஏற்ற இறக்க எந்த நேரத்தில் அனுமதி என்று அசோசியேஷனிடம் முன்பே கேட்டுவிடுங்கள். கேட்காமல் போனால் வண்டி வாசலில் நிற்கும், கூலி ஏறும்.

இந்தப் பணத்தில் எல்லா அறையையும் நிரப்ப முடியாது, தேவையும் இல்லை. ஹாலும் பெரிய பெட்ரூமும் போதும். இங்கே அளவுதான் முக்கியம். 10 அடி அகல அறையில் அலமாரி 2 அடியை எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது 8 அடி. 6 அடிக் கட்டிலை நடுவில் போட்டால் இருபுறமும் ஒரு அடிதான் நிற்கும், அலமாரிக் கதவு சரியாகத் திறக்காது. 5 அடிக் கட்டில் போட்டால் அலமாரிப் பக்கம் 2 அடி விடலாம், அறையும் பெரிதாகத் தெரியும். இரண்டாவது அறையைச் சுத்தமாக, நல்ல வெளிச்சத்தோடு காலியாகவே விடலாம். ஒரே அறையில் வெள்ளையும் மஞ்சளுமாக பல்பு கலக்காதீர்கள், ஃபோட்டோவில் சுவர் திட்டுத்திட்டாகத் தெரியும்.

செலவே இல்லாத ஒன்றைப் பலர் மறக்கிறார்கள். பாத்ரூம் தரை வடிகாலில் தேங்கி நிற்கும் நீர்தான் சாக்கடை வாடையை மேலே வரவிடாமல் தடுக்கிறது. பூட்டிய வீட்டில் அது வற்றிவிடும். வாரம் ஒருமுறை ஒவ்வொன்றிலும் ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள்.

பொருட்கள் வந்து சேர்ந்ததும், விளம்பரம் போடுவதற்கு முன்பே, பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். இரண்டாவது மாத முடிவில் பார்க்க வருபவர்களே குறைவு என்றால், அதே வளாகத்தில் விற்ற வீடுகளின் விலையோடு உங்கள் விலையை ஒப்பிட்டுப் பாருங்கள். அதைச் செய்யாமல் வாடகையை நீட்டிக்காதீர்கள்.