குளிரறையை விலை பேசுமுன் வெறுமையான மாதத்து பில்லைக் கேளுங்கள்

கிளிநொச்சிப் பக்கம் மரக்கறிக் குளிரறை வாங்க நினைப்பவர்கள், அறை நிரம்பிய மாத வாடகையை வைத்து விலை போட வேண்டாம். பாதிக் கூடைதான் இருந்தாலும் சுவராலும் கதவாலும் வரும் சூட்டை மெஷின் இழுத்தே ஆகவேண்டும். வாடகை பாதியாகும், கரன்ட் பில் பாதியாகாது.

கணக்குக்கு 500 கூடை, கூடைக்கு மாதம் 300 ரூபா என்று வைப்போம். நிலைத்தபின் 80 வீதம் நிரம்பினால் வாடகை 1,20,000. கரன்ட் 50,000, ஆள்கூலியும் பராமரிப்பும் 25,000 போக மிச்சம் 45,000, வருடத்துக்கு 5,40,000. போடும் காசுக்கு வருடம் 18 வீத வருமானம் எதிர்பார்த்தால் பெறுமதி 30 லட்சம்.

ஆனால் விவசாயிகள் பழக நாளெடுக்கும். முதல் வருடம் 30 வீதம்தான் என்றால் வாடகை 45,000, கரன்ட் 35,000. ஆள்கூலியும் பராமரிப்பும் அதே 25,000தான், ஆக மாதம் 15,000 கைநட்டம். இரண்டாம் வருடம் 60 வீதத்தில் கரன்ட் 45,000 போனால் மிச்சம் 20,000. நிலைத்த வருமானத்தோடு பார்த்தால் இரண்டு வருடத்திலும் குறைவது 10,20,000. அதைக் கழித்து, 20 லட்சத்துக்குள் பேசுங்கள்.

அப்புறம், கதவு ரப்பர் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். வியர்த்திருந்தால் குளிர் கசிகிறது. பில் இன்னும் ஏறும்.