ரூட் கெனாலுக்குப் பிறகு கேப் எதற்கு? நோயாளிக்குப் புரியும்படி சொல்லும் முறை

ரூட் கெனால் முடிகிறது, வலி போகிறது, நோயாளி கேப் போட வருவதில்லை. சில மாதங்கள் கழித்துப் பல் பிளந்த பிறகு வருகிறார். பிளவு வேர்வரை இறங்கியிருந்தால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. இதைத் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகு, நோயாளியிடம் பேசும் வரிசையையே மாற்றி அமைத்தேன். புதிதாக வேலையைத் தொடங்கும் பல் மருத்துவர்களுக்கும் உதவியாளர்களுக்கும் அந்த வரிசை பயன்படும். சிகிச்சையைச் செய்யும் முறை உங்களுக்குத் தெரியும் என்பதால் அதற்குள் போகவில்லை.

ஒரு நோயாளியை வைத்தே பார்ப்போம். ஐம்பது வயதுப் பெண்மணி. கீழ் வலது முதல் கடைவாய்ப்பல்லில் ஆழமான சொத்தை. சூடாகக் குடித்தால் வலி விண்ணென்று ஏறி நெடுநேரம் நிற்கிறது, இரவில் தூக்கமில்லை.

படி 1: ஊசிக்கு முன்னால் கேப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள்

வலியில் இருப்பவர் காதில் நீண்ட பேச்சு ஏறாது. எக்ஸ்ரேயை அவர் பக்கம் திருப்பி, சுருக்கமாகப் பேசுங்கள்.

"அம்மா, இந்தக் கருப்பா தெரியிற இடம்தான் சொத்தை. பல்லுக்குள்ள நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கிற இடத்தை அது தொட்டுடுச்சு. வெறுமனே அடைச்சா வலி போகாது. உள்ள கெட்டுப்போனதை எடுத்து, சுத்தம் பண்ணி, அடைக்கணும். அப்புறம் மேல கேப் போடணும். ரெண்டும் சேர்ந்ததுதான் ஒரு வைத்தியம்."

அந்தக் கடைசி வரியை விடவே கூடாது. செலவையும் கேப்போடு சேர்த்தே ஒரே தொகையாகச் சொல்லுங்கள். ரூட் கெனாலுக்குத் தனியாக, கேப்புக்குத் தனியாக என்று பிரித்தால், கேப் வேண்டுமானால் போட்டுக்கொள்ளும் பொருளாகத் தோன்றிவிடுகிறது. பல்லைப் பிடுங்கிவிடுவதும் ஒரு வழி, ஒன்றும் செய்யாமல் விட்டால் கிருமி வேர்நுனி எலும்புக்குப் பரவும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முடிவு அவருடையது.

படி 2: காகிதத்தில் வரையுங்கள்

பிளாஸ்டிக் மாதிரிப் பல்லும் அனிமேஷன் வீடியோவும் என்னிடம் உண்டு. இரண்டையும் விடப் பேனாவும் காகிதமும்தான் எனக்குப் பிடித்தவை. உங்கள் கை வரையும் வேகத்தில் நோயாளியின் கண் தொடரும், நடுவில் கேள்வியும் கேட்பார். வரைந்ததை வீட்டுக்கும் கொண்டுபோவார்.

இரண்டு வேர்களோடு பல்லை வரைந்து, உள்ளே மூன்று குழாய்களைக் கோடாகக் காட்டுங்கள். கீழ் முதல் கடைவாய்ப்பல்லில் பெரும்பாலும் மூன்று, சிலருக்கு நான்கு இருக்கும். எத்தனை முறை வர வேண்டும் என்பதை முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாததற்கு இதுவும் ஒரு காரணம். பக்கத்திலேயே வருகைகளை எழுதுங்கள்: முதல் முறை சுத்தம் செய்து மருந்து வைத்துத் தற்காலிக அடைப்பு, அடுத்த முறை குழாய்களை நிரப்புவது, பிறகு பல்லைச் செதுக்கி அளவெடுப்பது, கடைசியாகக் கேப் ஒட்டுவது. சிலருக்கு முதல் இரண்டும் ஒரே நாளில் முடியும்.

படி 3: வலி போன பிறகு வரும் கேள்வி

"இப்பத்தான் வலியே இல்லையே, இன்னும் எதுக்கு?" சிகிச்சை நின்றுபோவது இந்த இடத்தில்தான். வலி நின்றதே நோயாளிக்குக் குணமானதன் அடையாளம். ஆகவே வலியின் கணக்கை விட்டுவிட்டுப் பல்லின் பலத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

நரம்பை எடுத்ததால் பல் காய்ந்து நொறுங்குகிறது என்று பலரும் சொல்கிறோம். முக்கியக் காரணம் அது அல்ல. சொத்தையும் அதை எடுக்கும் வேலையும் சேர்ந்து பல்லின் நடுப்பகுதியையும் பக்க விளிம்பையும் தின்றுவிடுகின்றன. மிஞ்சி நிற்பது மெல்லிய சுவர்கள். மெல்லும் அழுத்தம் அவற்றின்மேல் விறகில் இறங்கும் ஆப்பு போல விழுகிறது. கேப் அந்தச் சுவர்களை மேலிருந்து மூடி, வெளிப்பக்கம் விரியாமல் பிடித்துக்கொள்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்கு மட்டுமே ஆனது. அது தேய்ந்து எச்சில் உள்ளே இறங்கினால், சுத்தம் செய்த குழாய்களில் கிருமி மறுபடி புகும். பல்லுக்குள் நரம்பு இல்லாததால், ஆரம்பத்தில் வலித்துக் காட்டிக்கொடுக்கவும் ஒன்றும் இருக்காது.

எல்லாப் பல்லுக்கும் கேப் வேண்டும் என்று சொல்லிவிடாதீர்கள். பெரும்பகுதி அப்படியே இருக்கும் முன்பல்லுக்கு நல்ல அடைப்பே போதும். இந்த வேறுபாட்டை நீங்களே எடுத்துச் சொன்னால், கடைவாய்ப்பல்லுக்குக் கேப் கேட்பதை வியாபாரமாக நினைக்க மாட்டார்கள்.

பிறகு அவரையே சொல்லச் சொல்லுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். நான் இப்படிக் கேட்பேன்: "வீட்டுல போனதும், வலிதான் போயிடுச்சே, கேப் எதுக்குன்னு கேப்பாங்க. என்ன சொல்வீங்கம்மா?" அந்தப் பெண்மணி, "கேப் போட்டா சொத்தை வராது" என்றார். விளக்கத்தில் எந்த இடம் போய்ச் சேரவில்லை என்று அந்தப் பதிலே காட்டியது. கேப்பின் விளிம்பில், ஈறோரமாக, சொத்தை மறுபடி வரலாம். படத்தில் அந்த விளிம்பை வட்டமிட்டுக் காட்டி மறுபடி கேட்டேன். "சுவர் பிளக்காம இருக்க" என்றார். அது போதும்.

படி 4: இடைப்பட்ட நாட்களில் கவனிக்க வேண்டியவை

மரத்துப்போனது தெளியும்வரை மெல்ல வேண்டாம், உதட்டையோ நாக்கையோ கடித்துக்கொள்வார்கள். இரண்டு மூன்று நாள் கடிக்கும்போது வலிப்பது வழக்கம், அது நாளுக்கு நாள் குறைய வேண்டும். வலி மாத்திரை எழுதும் முன் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை ஆகியவை உண்டா என்று கேளுங்கள். வீக்கமோ காய்ச்சலோ இல்லாதவருக்குப் பொதுவாக ஆன்டிபயாடிக் தேவைப்படாது. "ஏன் எழுதலை?" என்று அவர் கேட்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

வாய் மூடும்போது அந்தப் பல் மட்டும் முதலில் இடித்தால், பழகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம், வந்து உயரத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். வீக்கம் பெருகுவது, காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, விழுங்கச் சிரமம் என்றால் அன்றே வர வேண்டும். மூச்சு சிரமமானால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். இந்த வரியை நான் காகிதத்தில் தனியே, பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பேன்.

படி 5: கேப் போட்ட பிறகு

கடைவாய்ப்பல்லுக்கு என் தேர்வு சிர்கோனியா. உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய கேப்பில் பீங்கான் சில்லு பெயரக்கூடும். எதைப் போட்டாலும் தினமும் பல் இடுக்கில் ஃப்ளாஸ் நூல் போக வேண்டும். தற்காலிகக் கேப் இருக்கும்போது மட்டும் நூலை மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவச் சொல்லுங்கள், இழுத்தால் கேப்பும் சேர்ந்து வரும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஓர் உதவியாளர், "தற்காலிக அடைப்பு உதிர்ந்துவிட்டது என்று போன் வந்தால் என்ன சொல்வது?" என்று கேட்டிருந்தார். மேல்பகுதி கொஞ்சம் தேய்ந்திருந்தால் பயமில்லை. பள்ளம் விழுந்திருந்தால், வலி இல்லாவிட்டாலும், ஓரிரு நாளில் வரவழையுங்கள். வருகிறவரை மறுபக்கம் மென்று, வழக்கம்போலத் துலக்கினால் போதும். கேப் கழன்றுவிட்டது என்றால், அதைப் பத்திரமாக எடுத்துவரச் சொல்லுங்கள். கடையில் விற்கும் பசையால் வீட்டிலேயே ஒட்டிக்கொள்ள வேண்டாம் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். கோணலாக ஒட்டிக்கொண்டால் அந்தக் கேப்பையே அறுத்தெடுக்க வேண்டியிருக்கும்.