ஆறு பிள்ளைகளோடு டீச்சர் உட்கார, மற்ற பன்னிரண்டு பேரும் தாமாக வேலை செய்ய: மூன்றாம் வகுப்புத் தமிழில் சுழற்சி முறை

மூன்றாம் வகுப்பில் 18 பிள்ளைகள். அதில் ஆறு பேர் ‘கொக்கு’ என்பதை ‘கெக்கு’ என்று வாசிக்கிறார்கள். முன்னால் இருக்கும் கொம்பைப் பார்த்ததும் வாய் முந்திக்கொள்கிறது, பின்னால் நிற்கும் கால் வரை கண் போவதில்லை. அந்த ஆறு பேரோடு டீச்சர் தனியே உட்கார வேண்டும். அதற்காகத்தான் ஸ்டேஷன் ரொட்டேஷன் என்கிற இந்தச் சுழற்சி முறை. நெல்லைப் பக்கத்துப் பள்ளியின் 40 நிமிடப் பாடவேளைக்கு ஏற்றபடி சொல்கிறேன்: பிள்ளைகள் மூன்று குழுவாகப் பிரிந்து மாறி மாறிப் போக மூன்று மூலை, அதில் ஒன்றில் டீச்சர், ஒவ்வொன்றிலும் 12 நிமிடம், இடம் மாற ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம், தொடக்கத்தில் சொல்லிக்கொடுக்க 2 நிமிடம்.

முதலில் குழு பிரிப்பது

2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் நிலைகள் தொடக்கத்துக்கு உதவும். ஆனால் ஒரே அரும்பில் ஒருவன் கொம்பில் தடுக்குவான், இன்னொருத்தி புள்ளி எழுத்தில் தடுக்குவாள். எனவே ஒவ்வொருவரையும் பத்துச் சொல் வாசிக்கச் சொல்லி, எந்தக் குறியில் தடுமாறுகிறார்கள் என்று எழுதிவைத்து, அதன்படி ஆறு ஆறு பேராகப் பிரியுங்கள். பச்சையாறு, கடனா நதி, மணிமுத்தாறு என்று பெயர் வைத்தால் யார் முதல், யார் கடைசி என்ற பேச்சே வராது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழுவை மாற்றுங்கள்.

டீச்சர் இல்லாத இரண்டு மூலைகள்

இங்கே புதுப் பாடம் எதுவும் வைக்கக்கூடாது. ஏற்கெனவே தெரிந்ததைப் பழகும் வேலை மட்டும்தான்.

முதல் மூலையில் ஊர்ப்பெயர் அட்டைகள். பஸ் போர்டில் பார்த்த பெயர்கள்தான்: பெருமாள்புரம், தென்காசி, பேட்டை, மேலப்பாளையம், கொக்கிரகுளம், கோபாலசமுத்திரம். பாயில் கெ, கே, கொ, கோ என்று நான்கு வரிசை. அட்டையை வாசித்து, அதில் உள்ள குறிக்குரிய வரிசையில் வைக்க வேண்டும். பின்பக்கம் வரிசைக்கு ஒரு நிறத்தில் புள்ளி வைத்துவிட்டால் சரியா தப்பா என்று பிள்ளைகளே திருப்பிப் பார்த்துக்கொள்வார்கள். ‘திருநெல்வேலி’யை மட்டும் இப்போதைக்கு எடுத்துவையுங்கள். அதில் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இருப்பதால் சண்டை வரும்! அடுக்கி முடித்தவர்கள் அதில் ஐந்து ஊரை நோட்டில் எழுதலாம்.

இரண்டாவது மூலையில் ஜோடி வாசிப்பு. இரண்டு பேருக்கு ஒரு கதைப் புத்தகம். ஒருவர் வாசிக்க, மற்றவர் விரல் வைத்துத் தொடர்வார், பக்கம் முடிந்ததும் மாறிக்கொள்வார்கள்.

ஒரு வாரம் உட்காராதீர்கள்

நிறையப் பேர் அவசரப்படுவது இங்கேதான். முதல் வாரம் டீச்சர் மூலை வேண்டாம். பிள்ளைகள் சுற்றட்டும், நீங்கள் நடந்து பாருங்கள். மணி அடித்ததும் அட்டையை அடுக்கிவைத்துவிட்டு நடக்கப் பழக்குங்கள். ஒவ்வொரு மூலைக்கும் அன்றைக்கு ஒரு தலைவர். “டீச்சர், அவன் அட்டையைத் தர மாட்டேங்கான்” என்று வருபவரைத் தலைவரிடம் அனுப்புங்கள். அடிபட்டாலோ, வாந்தி வந்தாலோ, யாராவது வகுப்பை விட்டு வெளியே போனாலோ மட்டும் நேரே உங்களிடம் வரலாம்.

இனி உங்கள் மூலை

சுவரில் முதுகு வைத்து உட்காருங்கள், வகுப்பு முழுக்கக் கண்ணில் படும். தடுமாறும் குழுவையே முதலில் கூப்பிடுங்கள். இங்கே படித்ததை அவர்கள் அடுத்து அட்டை மூலையில் பழகிப்பார்க்கலாம்.

க, கொம்பு, கால் மூன்றையும் தனித்தனி அட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள். ‘க’வை வைத்து, இடப்பக்கம் கொம்பை வையுங்கள்: கெ. வலப்பக்கம் காலை மெதுவாக நகர்த்துங்கள்: கொ. காலை எடுத்துவிட்டு, “இப்ப என்ன?” என்று கேளுங்கள். மூன்று நான்கு தடவை போதும். அப்புறம் சிலேட்டில் கெடு–கொடு, செல்–சொல், பெறு–பொறு என்று ஜோடியாகச் சொல்லி எழுதவிடுங்கள். இதற்கு ஏழு நிமிடம் ஆகும்.

மீதி ஐந்து நிமிடம் வாசிப்பு. வரிசையாக ஒவ்வொருவராக வாசிக்கவைத்தால் ஐந்து பேர் சும்மா இருப்பார்கள். ஆறு பேரும் மெல்லிய குரலில் ஒரே நேரத்தில் அவரவர் பாட்டுக்கு வாசிக்கட்டும். நீங்கள் ஒருவர் பக்கம் குனிந்து கேட்டு, தடுக்கிய சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு பேரைக் கேட்டால் போதும்.

எங்கே பிசகுகிறது?

எட்டாவது நிமிடத்தில் ஒரு மூலையில் சத்தம் ஏறினால், அங்கே வேலை சீக்கிரம் தீர்ந்துவிட்டது, அட்டைகளைக் கூட்டுங்கள். ஒரே சந்தேகத்தோடு மூன்று பேர் எழுந்து வந்தால், நீங்கள் சொல்லிக்கொடுத்தது புரியவில்லை. மறுநாள் செய்துகாட்டிவிட்டுத் தொடங்குங்கள். அமைதியாக இருக்கும் மூலையையும் நம்பிவிடாதீர்கள், குழு மாறும் அந்த ஒரு நிமிடத்தில் நோட்டைப் பாருங்கள்.

வகுப்பில் 30 பேர் அளவில் இருந்தால் நான்கு குழுவாக்கி, ஒரு நாளைக்கு இரண்டு குழுவை மட்டும் கூப்பிடுங்கள். குழுவை எட்டுப் பேருக்கு மேல் பெரிதாக்கினால் எல்லார் சிலேட்டையும் உங்களால் பார்க்க முடியாது.